சார்ந்திருப்பவர்: மகள்

என் வாய் நீளம் என்பது மேட்டூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஜூன் பிறந்தால் சம்பளக்காரர்கள் என் கம்ப்யூட்டர் கடையைத் தேடித்தான் வருகிறார்கள். வசந்தாமணி திட்டுவாள், ஆனால் வருமான வரிக் கணக்கைத் தப்பில்லாமல் ஏற்றிவிடுவாள் என்று பேர். பதினேழு வருடமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

திட்டாமல் கொஞ்சவா முடியும்? சம்பளமும் பிடித்த வரியும் காட்டிக் கம்பெனி கொடுக்கும் ஃபார்ம் 16-இல் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். வங்கி வட்டி எவ்வளவு என்று கேட்டால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார்கள். வருமான வரித் தளத்தில் ஏ.ஐ.எஸ். என்று ஒரு பட்டியல் இருக்கிறது, எந்த வங்கியில் எத்தனை ரூபாய் வட்டி வந்தது என்று அதில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைக் காட்டினால் திருதிருவென்று விழிப்பார்கள். போன வருடம் ஒருவர், கணக்கை ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று போய்விட்டார். முப்பது நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்யாவிட்டால் ஏற்றியதும் ஏற்றாததும் ஒன்றுதான். நான் போன் போட்டுப் போட்டு ஓய்ந்து, இருபத்தெட்டாம் நாள் அவர் பொண்டாட்டியைப் பிடித்துத்தான் காரியத்தை முடித்தேன்.

இத்தனை பேருக்கு நடுவில் நான் ஒரு வார்த்தை உரக்கப் பேசாத ஆள் சபரிநாதன் ஒருவர்தான். கருமலைக்கூடலில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சூப்பர்வைசர். இருபது வருடமாக ஒரே கம்பெனி, ஒரே சம்பளம், வேறு வரும்படி கிடையாது. ஜூன் பதினைந்துக்கு மேல் கம்பெனி ஃபார்ம் 16 கொடுத்ததும் மறுநாளே வந்து நிற்பார். ஃபார்ம் 16, பிடித்த வரி காட்டும் 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ்., பாஸ் புத்தகம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் வரிசையாக இருக்கும். ‘அந்தத் தம்பியைப் பாத்துக் கத்துக்கங்க’ என்று மற்றவர்களைத் திட்டுவதற்கு அவர் பேர் எனக்கு உதவும்.

அந்தக் கவரில் கடைசியாக ஒரு நீல அட்டை இருக்கும். அவர் மகள் தீபிகாவின் மாற்றுத்திறனாளி அட்டை. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், தொண்ணூறு சதவீதம். நடக்க வராது, பேச்சு வராது. ஆனால் சிரிப்பு வரும். அந்த அட்டைக்கு விண்ணப்பம் போட்டதே என் கடையில்தான். போட்டோ எடுக்கத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் யாரையோ போனில் கத்தினதைக் கேட்டு அந்தப் பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. ஊரே பயப்படுகிற என் வாயைக் கேட்டுச் சிரித்த ஒரே ஜீவன். அன்றைக்கே என்னை விலைக்கு வாங்கிவிட்டாள்.

இப்படி ஊனமுள்ள பிள்ளையை வைத்துப் பராமரிக்கிறவர்களுக்கு வருமானத்தில் ஒரு கழிவு உண்டு. எண்பது சதவீதத்துக்கு மேல் ஊனம் என்றால் ஒன்றேகால் லட்சம். எவ்வளவு செலவானது என்று கேட்க மாட்டார்கள், முழுசாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது பழைய வரி முறையில் மட்டும்தான். இப்போது நாமாகக் கேட்காவிட்டால் எல்லோரையும் புது முறையிலேயே வைக்கிறார்கள். அதில் வரி விகிதம் குறைவு, இந்த மாதிரிக் கழிவுகள் கிடையாது. அவர் கம்பெனியில் பாதிப் பேருக்கு மேல் புது முறைக்குப் போய்விட்டார்கள். சபரிநாதன் மட்டும் வருடா வருடம் பழைய முறை என்று எழுதிக் கொடுத்து அதிலேயே இருந்தார். அந்தக் கழிவுக்கான கட்டத்தில் எந்த வகை ஊனம், அட்டை எண் என்ன, மருத்துவச் சான்று படிவம் ஏற்றிய தேதி என்ன, சார்ந்திருப்பவர் என்ன உறவு என்றெல்லாம் கேட்பார்கள். நான் ‘மகள்’ என்பதைத் தேர்வு செய்யும்போது அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

தீபிகா 2024 பொங்கல் கழிந்து பத்தாம் நாள் போய்விட்டாள். நெஞ்சில் சளி கட்டி, சேலத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் வழியில் மூச்சு நின்றுவிட்டது. பதினான்கு வயது. நான் போயிருந்தேன். சபரிநாதன் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வருடம் ஜூனில் வழக்கம்போல வந்தார். கவரில் அட்டையும் இருந்தது. மார்ச்சில் முடிந்த வருடத்துக்கான கணக்கு அது, அதில் பத்து மாதம் பிள்ளை உயிரோடு இருந்திருக்கிறாள். கழிவு முழுசாக உண்டு, தப்பில்லை என்று சொல்லி ஏற்றினேன். எழுந்து போகும்போது அடுத்த வருடம் எப்படி என்று கேட்டார். இனி கிடையாது தம்பி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். பேச வேண்டிய இடத்தில் பேசாமல், பேசக் கூடாத இடத்தில் பேசுகிற வாய் என்னுடையது.

இந்த 2025 ஜூனில் அவர் வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. கணக்கு ஏற்றும் கெடுவைச் செப்டம்பர் பதினைந்துக்கு நீட்டியிருந்தார்கள். நிதானமாக வருவார் என்று நினைத்தேன். பதிமூன்றாம் தேதி சனிக்கிழமை, கடையில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில் வந்து, கடைசி ஆளாக வரிசையில் நின்றார். அவர் முறை வரும்போது எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது.

ஃபார்ம் 16-ஐ வாங்கிப் பார்த்தேன். பழைய முறை. கழிவுகள் பட்டியலில் ஒன்றேகால் லட்சம் அப்படியே இருந்தது. கவரைத் திறந்தால் நீல அட்டையும் இருந்தது.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. மெல்ல விசாரித்தேன். ஏப்ரலில் கம்பெனியில் ஒரு தாள் கொடுப்பார்கள், இந்த வருடம் என்னென்ன கழிவு கேட்கப் போகிறாய் என்று. போன வருட விவரத்தில் மாற்றம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. இவர் 2024 ஏப்ரலில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளை போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை அப்போது. ஜனவரியில் ஆதாரம் கேட்டபோது அட்டை நகலையும் கொடுத்துவிட்டார். அந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இவர் வீட்டு விஷயம் என்ன தெரியும்? அதை வைத்து வரியைக் குறைத்துப் பிடித்திருக்கிறார்கள்.

கம்பெனி கொடுத்த தாள் கடவுள் வாக்கு அல்ல, கணக்குக்குப் பொறுப்பு கையெழுத்துப் போடுகிறவர்தான் என்று சொன்னேன். அவர் ஃபார்ம் 16-இல் உள்ளபடியே ஏற்றிவிடச் சொன்னார். முடியாது என்றேன். வரி எத்தனை ஆனாலும் கட்டிவிடுவதாகச் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. முழு வரியையும் கட்டுகிறவருக்குக் கழிவு எதற்கு? கட்டம் மட்டும் இருக்கட்டும் என்கிறார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒருவன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முனகுகிறான். அப்போது சொன்னேன் அந்த வார்த்தையை.

“செத்த புள்ளைய உசுரோட இருக்கறதாக் காட்டி வரியக் கொறைக்கறதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா தம்பி? புடிச்சா, கொறைச்ச வரிக்கு ரெண்டு மடங்கு அபராதம்.”

சபரிநாதன் தாள்களைத் திரும்பக் கவருக்குள் வைத்தார், வந்த அதே வரிசையில். அட்டையைக் கடைசியாக வைத்தார். “போயிட்டு வாரனுங்கக்கா” என்றார். என்ன பேசினாலும் சொல்லாமல் போகாத மனிதர்.

நரம்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள். சொன்னதில் சட்டப்படி ஒரு எழுத்துத் தப்பில்லை. அதுதான் இன்னும் வலித்தது. நாலு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. திங்கள் தாண்டினால் ஐயாயிரம் தாமதக் கட்டணம் வேறு. அதைவிட, அந்த ஆள் கோபத்தில் யாரிடமாவது கொடுத்து உள்ளபடியே ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். பொய்க் கணக்கு என்று நோட்டீஸ் வந்தால் கம்பெனிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். பிள்ளை பேரில் காசு பார்த்தவன் என்று பேசுவார்கள். அந்தப் பேர் அவருக்கு வரக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கருமலைக்கூடல் போனேன்.

அவர் மனைவி ரஞ்சிதா கதவைத் திறந்தாள். சபரிநாதன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்று, நேற்றுப் பேசினது தப்பு என்று சொன்னேன். ரஞ்சிதா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. இனி மறைத்துப் பிரயோசனமில்லை. கம்பெனித் தாளில் அவர் எழுதினதையும், நேற்று நடந்ததையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாயை விரித்து என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“இந்த ஏப்ரல்லயும் அப்படியேதான் எழுதிக் குடுத்தீங்களா?”

அவர் தலையாட்டினார்.

ரஞ்சிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் என்னிடம்தான் பேசினாள். ரேஷன் கார்டில் பிள்ளை பேரை எடுத்தது அவள்தான். என் கடையில்தான் எடுத்தாள், எனக்கு நினைவிருக்கிறது. மாதா மாதம் பிள்ளைக்குமாக அரிசி அளப்பதை வாங்கி வந்து பொங்க அவளால் முடியவில்லையாம். பிள்ளைக்கு மாதா மாதம் வந்த அரசு உதவித்தொகையை நிறுத்த எழுதிக் கொடுத்ததும் அவள்தான். ஒவ்வொரு பேப்பராக அவள் எடுத்துக்கொண்டே வர, இவர் மூன்று மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

“நான் எடுத்தது பாசமில்லாம இல்லீங்க அக்கா. நானும் பெத்தவதான்” என்றாள்.

அப்போதுதான் சபரிநாதன் வாயைத் திறந்தார். தலை நிமிரவில்லை. கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“காசுக்கில்லீங்கக்கா. எல்லா எடத்துலயும் எடுத்தாச்சுங்க. இனி எவனும் எங்கிட்டப் புள்ளையக் கேக்கறதில்லீங்க. அந்தத் தாள் மட்டுந்தான் வருசத்துக்கு ஒருக்கா கேக்குது, உன்னைய நம்பி யாரு இருக்கறாங்கன்னு. இல்லைன்னு எழுதக் கை வரலைங்க.”

பதினேழு வருடத்தில் வரியைக் குறைக்கப் பொய் சொன்னவர்களை வண்டி வண்டியாகப் பார்த்திருக்கிறேன். இல்லாத வாடகைக்கு ரசீது, கொடுக்காத நன்கொடைக்கு ரசீது. ஒரு ரூபாய் ஆதாயம் வேண்டாமென்று பொய் சொன்ன ஆளை முதல்முறையாகப் பார்க்கிறேன். ஆனாலும் பொய் பொய்தானே. அதை எப்படி அவருக்குச் சொல்வது? இந்த முறை குரலை இறக்கித்தான் சொன்னேன். அந்தக் கட்டத்தில் நாம் பிள்ளையை வைக்கவில்லை தம்பி, பிள்ளை பேரில் ஒரு பொய்யை வைக்கிறோம், நாளைக்கு ஒருவன் நோட்டீஸில் அவள் பேரை எழுதிக் கேள்வி கேட்பான், அது அவளுக்கு வேண்டாம் என்றேன்.

அவர் எழுந்து போய்க் கவரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

லேப்டாப்பைத் திறந்தேன். ரஞ்சிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழைய முறையிலேயே அந்தக் கழிவை எடுத்தால் இருபத்தாறாயிரம் கூடுதல் வரி, வட்டியும் சேரும். புது முறையில் போட்டுப் பார்த்தேன். சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு எழுபத்தைந்தாயிரம் போக, பிடித்த வரிக்கு மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான் கட்ட வேண்டியிருந்தது. கம்பெனியில் பழைய முறை என்று கொடுத்திருந்தாலும் கணக்கு ஏற்றும்போது சம்பளக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம். அவர் பிள்ளைக்காகத்தான் பழைய முறையிலேயே இத்தனை நாள் இருந்தார். இனி அதற்கும் அவசியமில்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கும்.

“புது முறைல அந்தக் கட்டமே இருக்காதுங்களா?” என்று கேட்டார்.

இருக்காது, கேட்கவே மாட்டார்கள் என்றேன். அவர் ‘சரிங்க’ என்றார். அது நிம்மதியா, இன்னொரு அடியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒவ்வொன்றாகப் போனேன். பேர், பான் எண், முகவரி. சம்பளம் ஃபார்ம் 16-ஐப் பார்த்து. சேமிப்புக் கணக்கு வட்டி நாலாயிரம், ஏ.ஐ.எஸ். பட்டியலோடு பொருந்தியது. பிடித்த வரி 26ஏ.எஸ்.ஸோடு பொருந்தியது. வங்கிக் கணக்கு சரி. மீதி வரியை அவர் போனிலிருந்தே கட்ட வைத்தேன். வரி கட்டும் செலானில் வருடத்தைத் தேர்வு செய்கிற இடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். சம்பாதித்தது 2024-25, ஆனால் மதிப்பீட்டு வருடம் 2025-26 என்று போட வேண்டும். அதை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கட்டினோம். செலான் எண்ணைக் கணக்கில் சேர்த்ததும் பாக்கி என்ற இடத்தில் பூஜ்யம் வந்தது.

நடுவில் ரஞ்சிதா ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து, கம்பெனிக்கு என்ன எழுதணும் என்று கேட்டாள். இந்த வருடம் கொடுத்த விவரத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லி எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஃபார்ம் 16-லும் இதே சிக்கல் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். ‘மகள் காலமானதால்’ என்ற இடம் வந்தபோது பேனா நின்றது. பிறகு எழுதினாள். அவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கடைசியில் உறுதிமொழிப் பக்கம் வந்தது. யாரும் அதைப் படிப்பதில்லை, டிக் அடித்துவிட்டுப் போவார்கள். நானும் படித்துக் காட்டினதில்லை. சபரிநாதன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழில் சொன்னேன். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கணக்கில் கொடுத்திருக்கிற விவரங்கள் சரியானவை, முழுமையானவை என்று மனதார உறுதி கூறுகிறேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியானதுன்னா சரிங்க. முழுசுன்னு எப்படிங்கக்கா சொல்றது?”

ரஞ்சிதா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவரே விரலை நீட்டி டிக் அடித்தார்.

ஆதார் ஓ.டி.பி. அவர் போனுக்கு வந்தது. பதினைந்து நிமிடம்தான் அது செல்லும். கடையில் என்றால் ‘எண்ணைச் சொல்லுங்க, தூங்கிட்டீங்களா’ என்று கத்தியிருப்பேன். நான் விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நாலு. பூஜ்யம். ரெண்டு. ஒன்பது. ரெண்டு. ஐந்தாவதோடு குரல் நின்றுவிட்டது. பிள்ளை போன அன்று எடுத்துப் போட்ட நாற்காலிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. நெஞ்சிலிருந்து வந்தது, சத்தமாக வந்தது. அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருக்கும்.

ரஞ்சிதா அவர் தோளைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த போனை மெல்ல வாங்கி, என்னைப் பார்த்து ஆறாவது எண்ணைச் சொன்னாள்.

“ஏழுங்க அக்கா.”

நான் ஏழைப் போட்டேன்.